ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது எது?

கீசரைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று சொல்லிவிட்டு, பெரிய எம்.சி.பி. வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். கீழே உள்ளது எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிறவருக்கு மட்டுமான கேள்வி அல்ல. குளியலறையில் கீசர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விடை தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: கீசரின் ஹீட்டிங் காயில் பழுதாகி, வெளிக்கூட்டில் 230 வோல்ட் மின்சாரம் ஏறிவிட்டது. ஈரக் காலோடு நிற்பவர் அதைத் தொடுகிறார். அவரைக் காப்பது எது?

அ) 16 ஆம்பியர் எம்.சி.பி.
ஆ) ஸ்டெபிலைசர்
இ) எர்த் மட்டும்
ஈ) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

அ ஏன் தவறு? ஈர உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத்தை நிறுத்த இதுவே போதும். ஆனால் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். ஒருவர் சாவதற்குத் தேவையான மின்சாரம் அதற்கு ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான். எம்.சி.பி. கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக இருக்கிறது. 32 ஆம்பியராக மாற்றினால் அந்தக் காவலும் போய்விடும்.

ஆ ஏன் தவறு? ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது, அவ்வளவுதான். கசிவு எங்கே போகிறது என்று அது பார்ப்பதே இல்லை.

இ ஏன் தவறு? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எர்த் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. வீட்டு எர்த் குழியில் 8 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்தில் 2 ஓம் தடை என்று கொள்வோம். மொத்தம் 10 ஓம் என்பதால் கசிவு 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இந்த அளவில் உடனே விழாது. ஒரு மணி நேரம்வரை தாங்கலாம். அதுவரை கீசர் கூட்டில் 184 வோல்ட் நிற்கும். கோடையில் குழி காய்ந்தால் தடை இன்னும் கூடும், எம்.சி.பி. விழவே விழாது.

ஈ ஏன் சரி? பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று ஆர்.சி.சி.பி. ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் அதிகபட்சம் 0.3 வினாடிக்குள் இணைப்பை வெட்டும். மேலே பார்த்த 230 மில்லி ஆம்பியர் கசிவுக்கு இன்னும் வேகமாக, சுமார் 0.04 வினாடியில் வெட்டிவிடும். எர்த் சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். ஆகவே இரண்டும் வேண்டும்.

ஆர்.சி.சி.பி.க்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனது அப்படியே திரும்பிவிடுவதால் அது ஏமாந்துவிடும். ஓவர்லோடையும் அது கவனிக்காது. எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு இதை மாட்டாதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை. கடையில் வாங்கும்போது முகப்பில் IΔn 0.03 A அல்லது 30 mA என்று இருக்கிறதா என்று படியுங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகை தீ விபத்தைத் தடுக்கத்தான் உதவும், உயிரைக் காக்காது. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடமே வேலை கொடுங்கள். அவர் தரும் சோதனை அறிக்கையில் எர்த் தடையும் இன்சுலேஷன் தடையும் அளந்து எழுதப்பட்டிருக்க வேண்டும். அளக்காமல் எண்ணை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்காதீர்கள். உங்கள் முன்னால் மீட்டரில் அளந்து காட்டட்டும்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதா? எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுவதாகச் சொன்னால் தடுத்து நிறுத்துங்கள். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதில் கசிவு இருக்கிறது. எதையும் மாட்டாமலே விழுந்தால் வயரிங்கில் கசிவு, அல்லது இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்திருக்கிறது. இரண்டையும் சரிசெய்ய வேண்டும். மீண்டும் சொல்கிறேன்: நேராக வயர் கொடுத்து ஓட்டாதீர்கள்.

வாடகை வீடு என்றால் ஆர்.சி.சி.பி. பொருத்தித் தரும்படி உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்துவிட்டால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும், அவர் விசாரிக்க முடியும். அவர் வரும்வரை போர்டைப் பிரித்துச் சரிசெய்துவிடாதீர்கள், சான்று அழிந்துவிடும்.

கருவியில் ‘டி’ என்று எழுதிய பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்தக் கருவி செத்துவிட்டது, அன்றே மாற்றுங்கள். அந்தப் பட்டன் கருவியை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த்தை மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும்.