நுரையீரலுக்கு வேண்டிய கடைசி வாரங்கள்

1963 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்காவின் கேப் காட் பகுதியில் ஒரு விமானப்படை மருத்துவமனையில் ஜாக்குலின் கென்னடிக்கு அவசர அறுவை சிகிச்சை செய்து ஆண் குழந்தையை வெளியே எடுத்தார்கள். நாள் நிறைய இன்னும் ஐந்தரை வாரம் இருந்தது. எடை 2.1 கிலோ. இன்று நம் ஊரில் பச்சிளங் குழந்தைகள் பிரிவு உள்ள எந்த மருத்துவமனையிலும் இந்த எடையைக் கேட்டு யாரும் பெரிதாகப் பதற மாட்டார்கள். ஆனால் பேட்ரிக் என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தைக்குப் பிறந்த சற்று நேரத்திலேயே மூச்சுத் திணறத் தொடங்கியது. பாஸ்டனுக்குக் கொண்டுபோய், அழுத்தம் கூட்டிய ஆக்ஸிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். பிறந்து 39 மணி நேரத்தில் குழந்தை இறந்தது. அமெரிக்க அதிபரின் மகனுக்கே அன்றைக்கு வேறு வைத்தியம் இல்லை.

ஆக்ஸிஜனுக்கு அங்கே குறைவே இல்லை. அது போய்ச் சேர வேண்டிய இடம்தான் மூடிக் கிடந்தது.

கரு உருவான நான்காவது வாரத்தில், பின்னால் உணவுக்குழாயாகப் போகிற குழலின் முன்பக்கத்தில் ஒரு சின்ன மொட்டு முளைக்கிறது. நுரையீரலின் தொடக்கம் அதுதான். மொட்டு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் மறுபடி பிரியும். ஏறத்தாழ 17ஆம் வாரத்துக்குள் காற்றுக் குழாய்களின் கிளைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆனால் அவை வெறும் வழிகள்தான். காற்றும் இரத்தமும் சந்திக்கும் இடம் அப்போது இல்லை. குழாய்களின் நுனியில் மெல்லிய பைகள் உருவாகி, இரத்த நுண்குழாய்கள் அவற்றின் சுவரை ஒட்டி வந்து படிவது அதற்குப் பிறகு, ஏறக்குறைய 26ஆம் வாரம் வரை நடக்கிற வேலை. 22 வாரத்துக்கும் முன்னால் பிறக்கும் குழந்தையைப் பெரும்பாலும் எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுவே. காற்றை உள்ளே செலுத்தலாம். அதிலிருந்து ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்ளப் போதுமான பரப்பு அங்கே இல்லை.

வயிற்றில் இருக்கும்வரை நுரையீரலில் காற்றே கிடையாது, நீர்தான். பலர் நினைப்பதுபோல அது பனிக்குட நீர் இல்லை, நுரையீரல் தானே சுரப்பது. நுரையீரல் விரிந்து வளர்வதே அந்த நீரின் அழுத்தத்தால்தான். பிரசவ வலியின்போது குழந்தையின் உடலில் அட்ரினலின் ஏறும். அதுவரை நீரைச் சுரந்த சுவர், இப்போது அதை உறிஞ்சத் தொடங்கும். முதல் சில மூச்சுகளில் நீர் விலகி, காற்று அந்த இடத்தைப் பிடிக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நீர் முழுவதும் போவதில்லை; சுவரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கும். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் குணமுடையவை. உள்ளே நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதுபோல, மூச்சை வெளியே விட்டதும் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அறை எவ்வளவு சிறியதோ, இந்த இழுப்பு அவ்வளவு கடுமையாக இருக்கும். குறைமாதக் குழந்தையின் காற்றறைகளோ மிகமிகச் சிறியவை.

இந்த இழுப்பைத் தளர்த்துவதற்காக உடல் தயாரிக்கும் பொருள் சர்ஃபாக்டன்ட். பெரும்பகுதி கொழுப்பு, கொஞ்சம் புரதம். காற்றறைச் சுவரில் உள்ள ஒருவகை செல்கள் 22 முதல் 24 வாரத்தில் இதைச் செய்யத் தொடங்கினாலும், போதுமான அளவுக்குச் சுரக்க 34, 35 வாரம் ஆகிவிடும். ஆண் குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாகவும், தாய்க்குச் சர்க்கரை நோய் கட்டுப்படாமல் இருந்தால் இன்னும் தாமதமாகவும் ஆகலாம். ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நுரையீரலின் கணக்கு அப்படியே நேர் எதிர்.

சர்ஃபாக்டன்ட் இல்லாத குழந்தை, ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிப்போன அறைகளைப் புதிதாகப் பிரித்தாக வேண்டும். நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கும். மூக்கு விடைக்கும். விலா எலும்புகள் மென்மையாக இருப்பதால் ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சு உள்ளே குழியும். இதோடு ஒரு முனகல் சத்தமும் கேட்கும். பெற்றோர் அதை அழுகை என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் குழந்தை தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விடுகிறது; கொஞ்சம் காற்றை உள்ளேயே அடைத்துவைத்து, அறைகள் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் முயற்சி அது. எக்ஸ்ரே எடுத்தால் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் வெளிறி மங்கலாக இருக்கும். சில மணி நேரத்தில் தசைகள் களைத்துப்போகும். அடிபட்ட சுவர்களிலிருந்து புரதம் கசிந்து கண்ணாடிப் படலம்போல் உறையும். பேட்ரிக்குக்கு நடந்தது இதுதான்.

இந்தக் காரணம் அப்போது தெரியாத ஒன்றல்ல என்பதுதான் மனதை உறுத்துகிறது. அதே பாஸ்டனில் மேரி எலன் ஏவரி என்ற மருத்துவர், ஜெரி மீட் என்பவருடன் சேர்ந்து, மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் இல்லை என்று 1959இலேயே எழுதியிருந்தார். காரணம் தெரிந்தும் மருந்து இல்லாத காலம் அது.

மருந்து வந்த வழி வேடிக்கையானது. நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் ஆடு முன்கூட்டியே ஈன்றது. மூச்சே விட முடியாத பருவத்தில் பிறந்த அந்தக் குட்டி உயிரோடு இருந்தது. ஸ்டீராய்டு நுரையீரலை அவசரமாக முதிர வைத்திருந்தது. ராஸ் ஹோவியுடன் சேர்ந்து தாய்மாரிடம் சோதித்து 1972இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கு வந்த மூச்சுத் திணறல், போட்டவர்களின் குழந்தைகளில் 9 பேருக்குத்தான் வந்தது.

இன்று நம் மருத்துவமனைகளில் 34 வாரத்துக்கு முன் வலி கண்டு வரும் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி போடுகிறார்கள். இது தாய்க்குச் செய்யும் வைத்தியமில்லை. குழந்தையின் நுரையீரலுக்குச் செய்வது. முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது ஆக வேண்டும். பனிக்குடம் உடைந்த பிறகும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் தங்கிவிடுவதால் கைவிட்டுப் போவது இந்த ஒரு நாள்தான்.

குழந்தை பிறந்த பின்னும் வழி உண்டு. குழந்தையின் முனகல் செய்யும் வேலையை ஒரு கருவி எடுத்துக்கொள்கிறது: மூக்கின் வழியாகத் தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்று செலுத்துவது. 1971இல் வந்த இந்த முறையை வார்டுகளில் சிபாப் என்பார்கள். அதுவும் போதாவிட்டால் மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை, மெல்லிய குழாய் வழியே மூச்சுக்குழாயில் விடுவார்கள். 1980இல் ஜப்பானில் டெட்சுரோ ஃபூஜிவாரா பத்துக் குழந்தைகளுக்கு இப்படிக் கொடுத்து, பலன் உண்டு என்று காட்டினார். பால் போன்ற வெள்ளைத் திரவம், அளவில் சில மில்லி. பெரும்பாலும் நிமிடங்களிலேயே ஆக்ஸிஜன் தேவை இறங்கத் தொடங்கும்.

24, 25 வாரத்தில் பிறப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. அங்கே சுவரும் நுண்குழாய்களுமே அரைகுறை. வெண்டிலேட்டரின் அழுத்தம் அந்த நுரையீரலைத் தழும்பாக்கலாம். அதிக ஆக்ஸிஜன் விழித்திரையைக் கெடுக்கலாம். அதனால்தான் அந்த வார்டில் ஆக்ஸிஜனைக் கூட்டுவதைவிடக் குறைப்பதில் செவிலியர்கள் அதிகக் கவனமாக இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகும் குழந்தைக்குச் சளியும் இளைப்பும் முதல் ஓரிரு ஆண்டுகள் அடிக்கடி வரலாம். ஆனால் நிறைமாதக் குழந்தைக்குமே காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் புதிய அறைகள் வருடக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும்.