நிறம் பிறழா நிழற்படம்

நுழையும்முன்

துணிக்கடையில் புடவை வாங்குபவர் அதனைக் கடைவாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். விரலால் தடவி நெசவை அறிவார். தோளில் சார்த்தித் தமக்குப் பொருந்துமா என்று தேர்வார். இணையவழிக் கடையில் வாசலும் இல்லை, தொடுகையும் இல்லை. அங்கே அம்மூன்று சோதனைகளையும் வாங்குபவருக்காகச் செய்து காட்ட வேண்டியது நிழற்படமே. அதனை எவ்வாறு எடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திரும்பி வந்த புடவை

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குழு ஒன்று தன் புடவைகளை இணையத்தில் விற்க முனைகிறது எனக் கொள்வோம். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்றை மடித்து மேசைமேல் வைத்து, குழல்விளக்கின்கீழ்த் திறன்பேசியால் படம் எடுக்கின்றனர். படத்தில் அது வெறும் கருநீலமாகத் தெரிகிறது. கருநீலம் வேண்டியவர் அதனை வாங்குகிறார். பொதியைப் பிரித்ததும் பச்சை மின்னுவதைக் கண்டு திருப்பி அனுப்பிவிடுகிறார். பட்டிலோ சாயத்திலோ நெசவிலோ குறையில்லை. எனினும் பல நாள் உழைப்பில் உருவான புடவை, போக்குவரத்துச் செலவையும் மடிப்புச் சுருக்கங்களையும் சுமந்து மீண்டும் அலமாரிக்கு வருகிறது. பிழை நேர்ந்தது நிழற்படத்தில்தான்.

ஒளியின் நிறம்

எல்லா வெளிச்சமும் வெண்மையானதன்று. பழைய மின்குமிழின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி. நிழலில் விழும் வானத்து ஒளியில் நீலம் மிகுதி. நம் கண்ணும் மூளையும் இவ்வேறுபாட்டைத் தாமே சரிசெய்துகொள்வதால், மின்குமிழின்கீழும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தோன்றுகிறது. ஒளிப்படக்கருவிக்கு அத்தகைய பழக்கம் இல்லை. அது காட்சியில் உள்ள நிறங்களைக் கொண்டு ஒளியின் நிறத்தை ஊகித்துக்கொள்கிறது.

இந்த ஊகம், படம் முழுவதையும் ஒரே நிறத்துணி நிறைக்கும்போது பிழைபடுகிறது. மயில்கழுத்துப் புடவை சட்டகத்தை நிறைத்தால், அந்த நீலப்பச்சை துணியினுடையது என்று கருவி அறியாது. ஒளியே நீலப்பச்சை என்று கருதி, அதற்கு எதிரான செம்மையைச் சேர்த்து நிறத்தை மங்கச் செய்துவிடும்.

இதற்குத் தீர்வு சாம்பல் அட்டை. எந்நிறமும் சாராத நடுநிலைச் சாம்பல் நிறத்தில் அமைந்த இவ்வட்டையைப் புடவையின்மேல் வைத்து முதற்படம் எடுக்க வேண்டும். கருவியில் WB எனக் குறிக்கப்படும் வெண்சமநிலை அமைப்பை, அவ்வட்டை சாம்பலாகவே தெரியுமாறு பொருத்திவிட்டு, ஒளி மாறாதவரையில் அதே அமைப்பில் மற்றப் படங்களை எடுக்கலாம். வெளிச்ச அளவையும் அதே அட்டையைக் கொண்டே நிலைநிறுத்த வேண்டும். கருவி தானாக அளந்தால் எதனையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயலும். அதனால் வெள்ளைச்சட்டை அழுக்குச் சாம்பலாகவும் கறுப்புச்சட்டை வெளிறியும் தெரியும்.

சாம்பல் அட்டையாலும் தீர்க்க இயலாத சிக்கல் ஒன்றுண்டு. சாளரத்து ஒளி ஒருபுறமும் குழல்விளக்கின் ஒளி மறுபுறமுமாக விழுந்தால், ஒரே புடவையின் இரு பகுதிகள் இரு நிறங்களில் பதிவாகும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும். ஆகவே ஒருவகை ஒளியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பச்சைச்சுவரும் செந்நிறத் திரைச்சீலையும்கூடத் தம் நிறத்தைத் துணியின்மேல் வீசும் என்பதால், சுற்றிலும் வெண்மை இருப்பது நன்று.

> தெரிந்து தெளிவோம்
>
> ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். மஞ்சள் மின்குமிழின் ஒளி ஏறத்தாழ 2700 கெல்வின்; நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். எண் கூடக் கூட ஒளி நீலம் நோக்கிச் செல்லும்.

பாவும் ஊடையும்

நிறத்தைச் சரிசெய்த பின்னும் மயில்கழுத்துப் புடவை ஒரு புதிரை முன்வைக்கிறது. அதற்கு நிலையான ஒரு நிறம் இல்லை. தறியில் நெடுக்காக ஓடும் பாவுநூல் நீலமாகவும் குறுக்காக ஓடும் ஊடைநூல் பச்சையாகவும் அமைவதால் பிறப்பது அந்நிறம். பட்டுநூல் பளபளப்பானது. நூலுக்குக் குறுக்கே ஒளி விழும்போது அதன் பளபளப்பு மிகுதியாக வெளிப்படும். எனவே ஒரு திசையிலிருந்து விழும் ஒளி பாவின் நீலத்தை எடுத்துக்காட்டினால், புடவையைக் கால்வட்டம் திருப்பியதும் ஊடையின் பச்சை மேலோங்கும். மேசையில் தட்டையாகப் பரப்பி ஒரே கோணத்தில் எடுத்த படம் ஒரு நூலின் நிறத்தை மட்டும் கூறி மற்றொன்றை மறைத்துவிட்டது. குழுவினரின் படத்தில் பச்சை தொலைந்தது இவ்வாறே.

இத்தகைய புடவையை மடித்து வைத்தபின், அதன் ஒரு பகுதியை மெல்லிய அலைபோல மடிப்புகள் எழுமாறு தளர்த்திவிட வேண்டும். மடிப்பின் ஒவ்வொரு சரிவும் ஒளியை வெவ்வேறு கோணத்தில் சந்திப்பதால், இரு நிறங்களும் ஒரே படத்தில் தோன்றும். அதனுடன், புடவையைத் திருப்பி வைத்து எடுத்த இரண்டாம் படமும் இணைதல் வேண்டும்.

ஒளி வரும் திசையே நெசவையும் காட்டுகிறது. கருவியிலுள்ள மின்னொளி நேர்முன்னிருந்து பாய்வதால் நூல்களுக்கிடையே நிழல் விழுவதில்லை. பட்டும் பருத்தியும் வேறுபாடின்றி வழவழப்பான தாள்போல் ஆகிவிடுகின்றன. பக்கவாட்டிலிருந்து தாழ்ந்து வரும் ஒளி ஒவ்வோர் இழைக்கும் நுண்ணிய நிழல் தந்து, நெசவின் மேடுபள்ளங்களைக் காட்டும். அவ்வொளி கடுமையாக இருந்தால் சிறு சுருக்கமும் பெரும்பள்ளமாகத் தெரியும். ஆதலால் வெயில் நேரே புகாத சாளரத்தில் வெள்ளைப் பருத்தித்துணி ஒன்றைக் கட்டி ஒளியை மென்மையாக்குவர். எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால், மிகுதியாக இருண்ட நிழல்கள் சற்றே தெளியும்.

சரிகை கண்ணாடியைப்போன்றது. தனக்கு எதிரே உள்ளதையே அது பிரதிபலிக்கும். எதிரே இருண்ட அறை இருந்தால் சரிகை கறுக்கும். சிறிய கடுவிளக்கு இருந்தால் வெண்புள்ளிகளாக வெடிக்கும். அகன்ற வெண்பரப்பு இருந்தால் பொன்னிறம் சீராகப் படரும். வெள்ளை அட்டையின் மற்றொரு பயன் இது.

மடித்த புடவையில் உடல், கரை, முந்தானை ஆகிய மூன்றும் ஒரே படத்தில் தெரிவது முறை. கருவி மேசைக்கு நேர்மேலே, சாயாமல் இருத்தல் வேண்டும். சாய்ந்தால் செவ்வகமாக மடித்த புடவை ஒருபக்கம் குறுகித் தோன்றும். நிழற்படத்தில் அளவு தெரியாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 4 அங்குலக் கரையை அண்மையிலிருந்து எடுத்தால் 8 அங்குலக் கரைபோல் காட்சியளிக்கும். அண்மைப்படம் ஒன்றில் அளவுநாடாவையும் கரையோரம் வைத்து எடுத்தால் இம்மயக்கம் நீங்கும்.

தொங்கும் ஆடையின் வடிவம்

புடவைக்கு இல்லாத ஒரு வினா தைத்த ஆடைக்கு உண்டு: உடலுக்குப் பொருந்துமா என்பதே அது. அக்குழுவே கைத்தறிப் பருத்தியில் தைத்த குர்தி ஒன்றைத் தாங்கியில் தொங்கவிட்டுப் படம் எடுப்பதாகக் கொள்வோம். தாங்கியின் அகலம் தோள் அகலத்துக்கு ஒத்திருக்க வேண்டும். குறுகிய தாங்கியில் தோள்தையல் சரிந்து, கை நீண்டு தெரியும். அகன்ற தாங்கி கைப்பகுதியில் புடைப்பை உண்டாக்கும்.

அடுத்தது தொலைவு. திறன்பேசியை அருகில், கழுத்துக்கு நேரே பிடித்து எடுத்தால் அருகிலுள்ள தோள் பெருத்தும், தொலைவிலுள்ள கீழ்விளிம்பு சிறுத்தும் பதிவாகும். நேர்வெட்டாகத் தைத்த குர்தி அப்போது கீழ்நோக்கிக் குறுகுவதாகத் தோன்றும். ஏறத்தாழ 2 மீட்டர் பின்னே சென்று, ஆடையின் நடுப்பகுதிக்கு நேரான உயரத்தில் கருவியை நிறுத்தி, உருப்பெருக்கிக்கொண்டு எடுத்தால் இக்கோணல் பெரிதும் குறையும். பக்கத்தையல்கள் இரண்டும் படத்தின் ஓரங்களுக்கு இணையாக இறங்குகின்றனவா என்று பார்த்து இதனை உறுதிசெய்யலாம்.

தொங்கும் ஆடை தட்டையாகத் தெரிவதால், இடைப்பகுதியின் துணியைப் பின்புறம் இழுத்துக் குண்டூசியால் குத்துவது பலர் கைக்கொள்ளும் வழி. முன்னிருந்து பார்க்க அது இடையொட்டித் தைத்த ஆடைபோல் அழகாக இருக்கும். ஆனால் வாங்கியவர் அணியும்போது குண்டூசி உடன்வராது. தளர்வான ஆடை தளர்வாகவே தெரிய வேண்டும். ஆடைக்கு உடல்திரட்சி தர விரும்பினால், தைத்த அளவை மாற்றாமல் உள்ளே மெல்லிய தாளைத் தளர்வாக வைக்கலாம். அல்லது அளவொத்த உருவப்பொம்மைக்கு அணிவிக்கலாம்.

இவ்வளவு செய்தும் பொருத்தத்தைப் படம் மட்டும் சொல்லிவிடாது. குர்தியைத் தட்டையாகக் கிடத்தி, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்தால் 20 அங்குலம் எனின், மார்புச் சுற்றளவு 40 அங்குலம். மார்பளவு 36 அங்குலம் உடையவருக்கு அது 4 அங்குலத் தளர்வைத் தரும். படத்தின்கீழ் இவ்வெண் இருந்தால், வாங்குபவர் தம்மிடமுள்ள ஆடையை அளந்து ஒப்பிட்டுக்கொள்வார்.

திரையும் துணியும்

படத்தைத் திரையில் திருத்தும்போது புடவை அருகிலேயே இருக்க வேண்டும். நினைவை நம்பி நிறத்தைத் திருத்தலாகாது. இரவுநேரத்திற்காகத் திரையை மஞ்சளாக்கும் அமைப்பை முதலில் நிறுத்திவிட்டு, சாளரத்து ஒளியில் துணியையும் படத்தையும் மாறிமாறிப் பார்ப்பர். நிறச்செறிவைக் கூட்டினால் படம் கண்ணைக் கவரும். துணியிலிருந்து விலகியும் போகும். முடிந்த படத்தை, இணைய உலாவிகளும் பெரும்பாலான திரைகளும் ஏற்கும் sRGB என்னும் நிற முறையில் சேமிப்பது வழக்கம். இன்னொரு திறன்பேசியிலும் அதனைத் திறந்து பார்ப்பது பயன்தரும். ஒன்றில் நீலமாகவும் மற்றொன்றில் பச்சையாகவும் தெரிந்தால், எங்கே ஐயம் எழக்கூடும் என்பது முன்கூட்டியே விளங்கிவிடும்.

செறிந்த நீலப்பச்சைச் சாயல்களுள் சில, அந்த நிறமுறையின் எல்லைக்கு வெளியே உள்ளவை. எத்துணைக் கவனமாக எடுத்தாலும் அவை திரையில் சற்று மங்கியே தோன்றும். அந்த இடைவெளியை நிரப்புவது சொல். குழுவினர் புதிதாக எடுத்த மூன்று படங்களின்கீழ் இவ்வாறு எழுதினர்: “பாவு நீலம், ஊடை பச்சை. அசையும்போது நிறம் மாறித் தெரியும். நேரில் பச்சை இன்னும் சற்றுத் துலக்கமாக இருக்கும். கரை 4 அங்குலம்.” கருநீலம் தேடுபவர் இதனைப் படித்து வேறு புடவைக்குச் செல்வார். மயில்கழுத்தைத் தேடுபவர் இதனையே வாங்குவார். பொதியைப் பிரிக்கும்போது அவர் எதிர்பார்த்த பச்சையே அங்கே மின்னும்.