இன்ஸ்டகிராம் வாசகத்தை அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?

வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டகிராமில் நீங்கள் போட்ட வாசகம் இது:

"பாட்டி சொல்லித் தந்த அதே பக்குவம்! மொறுமொறு முறுக்கு ரெடி. நாளை மறுநாள் மாலை வரை ஆர்டர் பண்ணலாம். இணைப்பு எங்கள் பக்கத்தில்."

இதையே காப்பி செய்து ஸ்டேட்டஸில் போட்டால் என்ன ஆகும்?

முதல் சிக்கல், நாள். ஸ்டேட்டஸ் 24 மணிநேரம் இருக்கும். ஆனால் அது ஒரே தேதிக்குள் அடங்காது. வியாழன் இரவு 9 மணிக்குப் போட்டால் வெள்ளி இரவு 9 மணிவரை தெரியும். வியாழன் இரவு பார்ப்பவருக்கு "நாளை மறுநாள்" என்றால் சனி. வெள்ளி காலை பார்ப்பவருக்கு அதுவே ஞாயிறு! அதனால் "இன்று", "நாளை" எல்லாம் வேண்டாம். கிழமையையும் தேதியையும் எழுதுங்கள்.

இரண்டாவது, இடம். படம் சில விநாடிகளில் நகர்ந்துவிடும். வாசகம் நீண்டால் முதல் வரிகள்தான் கண்ணில் படும். பாட்டி கதை அழகுதான். ஆனால் விலையும் கெடுவும் முதலில் வரணும்.

மூன்றாவது, பதில். ஸ்டேட்டஸுக்கு வரும் பதில் நேரா உங்கள் சாட்டில் விழும். ஸ்டேட்டஸ் மறைந்த பிறகும் அந்த உரையாடல் இருக்கும். எனவே வாடிக்கையாளரை வேறு பக்கத்துக்கு அனுப்பாமல், ஒரே சொல்லில் பதில் தரக்கூடிய கேள்வியைக் கேளுங்கள்.

மாற்றி எழுதினால் இப்படி வரும்:

"முறுக்கு, ஒரு டின் 12 வெள்ளி. ஆர்டர்: சனி, 18 அக்டோபர், மாலை 6 மணிவரை. எத்தனை டின் வேணும்? எண்ணை மட்டும் அனுப்புங்க."

முகவரி, எடுத்துக்கொள்ளும் நேரம் போன்றவற்றைப் பதில் அனுப்பியவருக்குச் சாட்டில் சொல்லுங்கள். பிறகு தேடிப் பார்க்க அது அங்கேயே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டேட்டஸ் வெள்ளி இரவு 9 மணிக்கே மறைகிறது. ஆர்டரோ சனி மாலைவரை. இடையில் 21 மணிநேரம் யாருக்கும் எதுவும் தெரியாது. வெள்ளி இரவு மீண்டும் போடணும். அதே வரியை அல்ல, "இன்னும் 8 டின்தான்" என்று அப்போதைய நிலவரத்தோடு. டின் தீர்ந்துவிட்டால் பழையதை உடனே அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 24 மணிநேரம் முடியும்வரை ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு செய்தும் பார்த்தவர் பட்டியல் சின்னதாக இருக்கிறதா? வாசகத்தைக் குறை சொல்வதற்குமுன் தொடர்புப் பட்டியலைப் பாருங்கள். இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். நீங்கள் மட்டும் சேமித்தால் போதாது. அடுத்தமுறை டின்னைக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "நம்ம நம்பரை சேவ் பண்ணிட்டீங்களா?"