14 வோல்ட் மறைக்கும் கோளாறு

இரண்டு நாள் நிறுத்தி வைத்த கார் மூன்றாம் நாள் காலை செல்ஃப் எடுக்கவில்லை. போட்டிருப்பதோ புது பேட்டரி. இரவில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட்டும் டேஷ்போர்டு விளக்கும் மினுக்குகின்றன. பேட்டரிக் கடைக்காரர் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கிறார். 14 வோல்ட். “சார்ஜிங் நல்லாத்தான் இருக்கு சார், வயரிங் பாருங்க” என்று அனுப்பிவிடுகிறார். மினுக்கலும் சார்ஜ் இறங்குவதும் சேர்ந்து வந்தால், வயரிங்கைப் பிரிப்பதற்கு முன் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் சந்தேகப்படுவதுதான் முறை.

ஆல்டர்னேட்டருக்குள் மூன்று சுருள்களில் பிறப்பது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி. இடையில் பொதுவாக 6 டயோடுகள் கொண்ட டயோட் பிளேட் இருக்கிறது. ஒவ்வொரு டயோடும் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி. ஒரு பக்கம்தான் விடும். மூன்று சுருள்களின் அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதால், வெளியே வரும் டிசியின் மேல் சிறு நெளிவு மட்டும் மிஞ்சும். அதைத்தான் ரிப்பிள் என்கிறார்கள். நல்ல பேட்டரி அதையும் பெருமளவு அமுக்கிவிடும்.

டயோட் கெடுவது இரண்டு விதம். ஒன்று, அறுந்துபோவது. அப்போது அலைகளுக்கு நடுவே பள்ளம் விழும். ரெகுலேட்டர் ரோட்டருக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்துச் சராசரியைத் தூக்கிப் பிடிக்கும். மீட்டர் டிசியில் காட்டுவது அந்தச் சராசரியைத்தான். கடைக்காரர் ஏமாறுவதும் அங்கேதான். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு பள்ளமும் நீளுவதால் ஐட்லிங்கில் மினுக்கல் அதிகம். சூடேறிய இழையுள்ள ஹாலஜன் பல்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். எல்இடி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, கசிவது. இன்ஜின் நின்ற பிறகும் பேட்டரியின் மின்சாரம் டயோட் வழியாகத் திரும்பி ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும். பழுதான ஃபுட் வால்வில் தண்ணீர் இரவோடு இரவாகக் கிணற்றுக்குத் திரும்புவது போலத்தான்.

சோதனைக்குச் சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். நொந்த பேட்டரி நெளிவை அமுக்காது, ஆல்டர்னேட்டர் மேல் வீண்பழி விழும். இன்ஜினை 1500 ஆர்பிஎம் அளவில் ஓடவிட்டு ஹெட்லைட், புளோயர் போடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய பாசிட்டிவ் போல்ட்டிலும் மற்றதை அதன் உடலிலும் தொடுங்கள். முனை நழுவி இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் தீப்பொறிதான். பெல்ட்டும் பக்கத்திலேயே ஓடுகிறது. நல்ல ஆல்டர்னேட்டரில் பெரும்பாலும் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கும். 0.5-ஐத் தாண்டினால் டயோட் போய்விட்டதென்றே எடுத்துக்கொள்ளலாம்.

மலிவான சில மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் டிசியைச் சேர்த்துப் படித்து 28, 30 என்று மிரட்டும். முனைகளை மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 30, மறுபக்கம் பூஜ்யம் என்றால் கோளாறு காரில் இல்லை, அந்த மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

நாம் தொடங்கிய காரில் ரிப்பிள் 0.9 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயோட் அறுந்திருக்கிறது; மினுக்கலுக்குக் காரணம் அதுதான். ஆனால் சார்ஜ் இறங்குவதற்கு அது காரணமில்லை, அறுந்த டயோட் கசியாது. லேசான கசிவை ரிப்பிள் சோதனை காட்டாமலும் போகலாம். அதற்கு இன்ஜினை நிறுத்தி, காரின் கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி விட்டு, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைத்துப் பார்க்க வேண்டும். இப்படி இணைத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டியது 450 காட்டுகிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் கேபிளை எடுத்து முனையை டேப்பால் சுற்றி, மறுபடி அளந்தால் 30-க்கு இறங்குகிறது. கசிவது ஆல்டர்னேட்டருக்குள்தான். 450 மில்லிஆம்பியர் என்றால் நாளுக்கு சுமார் 11 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டே நாளில் பாதி காலி.

டயோட் பிளேட்டை மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள்; சுருளும் பேரிங்கும் நன்றாக இருந்தால் அது போதும். மாற்றியதும், காலியான பேட்டரியைத் தனிச் சார்ஜரில் நிரப்பிவிட்டுப் பிறகு காரில் போடுவது நல்லது. இல்லையென்றால் அதை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் உழைத்து, புது டயோடுகள் முதல் நாளே சூடேறும்.