வலியில்லாமல் வரும் ரத்தம்

குழந்தையின் மலத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் எந்த அம்மாவும் முதலில் கேட்பது, "வலிக்குதாடா கண்ணா?" என்பதுதான். குழந்தை இல்லையென்று தலையாட்டிவிட்டு விளையாடப் போனால் பாதி பயம் போய்விடும். பாட்டி இருக்கும் வீடாக இருந்தால், "சூட்டால வந்திருக்கும், வெந்தயம் ஊறவச்சுக் கொடு" என்பார். ஆனால் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைக்கு வலியே இல்லாமல் நிறைய ரத்தம் போனால், அந்த வலியின்மையே டாக்டர்களை உஷார்ப்படுத்தும். அப்போது அவர்கள் மனதில் முதலில் எழும் சந்தேகங்களில் ஒன்று மெக்கல் டைவர்ட்டிகுலம். சுருக்கமாக மெக்கல் பை என்று வைத்துக்கொள்வோம்.

கருவின் தொடக்க வாரங்களில் அதன் குடலுக்கும் கருவுணவுப் பைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் இருக்கும். ஏழாவது வாரம் வாக்கில் அது சுருங்கி மறைந்துவிட வேண்டும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு அதன் குடல் பக்கத்து முனை மட்டும் மறையாமல், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கையுறையின் விரல் போல நீட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரத்து உடற்கூறு அறிஞர் யோஹான் ஃப்ரீட்ரிக் மெக்கல் 1809இல் இது எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கியதால் அவர் பெயரே நிலைத்தது. இந்தப் பை உள்ளவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

பிறகு சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் கொட்டுகிறது? பையின் உட்சுவரில் சில சமயம் இரைப்பையின் திசு முளைத்திருக்கும். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தாலும் அது தன் வேலையை விடுவதில்லை, அமிலம் சுரக்கிறது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு உண்டு, சிறுகுடலுக்கு அந்த அளவுக்குக் கிடையாது. அதனால் பையை ஒட்டியுள்ள குடல் சுவர் அரிக்கப்பட்டுப் புண்ணாகிறது. புண் ஆழமாகி ஒரு ரத்தக்குழாயைத் தொட்டால் ரத்தம் பீறிடும். குடல் உப்பி இழுபடும்போதுதான் வலியை நன்றாக உணர்த்தும், இப்படிப்பட்ட அரிப்பைப் பெரும்பாலும் உணர்த்தாது. குழந்தை சிரித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வயது, 12 கிலோ எடையுள்ள ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பல குழந்தைகளுக்கு நடப்பதை ஒருவன்மேல் ஏற்றிச் சொல்கிறேன். காலையில் டயப்பரைக் கழற்றினால் செங்கல் நிறத்தில், மலமே தெரியாத அளவுக்கு ரத்தம். முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டானா என்று வீட்டில் யோசிக்கிறார்கள்; சாப்பிடவில்லை. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, அழுகை இல்லை. மதியம் இன்னொரு முறை அதேபோலப் போகிறது. முகம் வெளுத்து, சோர்ந்து அம்மாவின் தோளில் சாய்கிறான். இந்த எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவுதான். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி வெளியேறினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 160. ஹீமோகுளோபின் 9.5. இந்த எண்ணைப் பார்த்து, 'கொஞ்சம்தான் குறைவு' என்று யாரும் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. ரத்தம் அப்படியே முழுதாக வெளியேறும்போது, உள்ளே மிச்சமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே குறையாது. திசுக்களிலிருந்து நீர் வந்து கலந்த பிறகே உண்மையான இழப்பு தெரியும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 6.8. ஆகவே டாக்டர்கள் முதலில் செய்வது நோயைத் தேடுவதல்ல, சலைன் ஏற்றி, தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றிக் குழந்தையை நிலைப்படுத்துவது.

இதற்கிடையே மற்ற காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழிக்கிறார்கள். ஆசனவாய் வெடிப்பு என்றால் மலம் இறுகியிருக்கும், போகும்போது குழந்தை கத்தும், ரத்தம் கோடுபோல ஒட்டியிருக்கும். சீதபேதி என்றால் காய்ச்சலும் சளியும் சேர்ந்து வரும். குடல் குடலுக்குள் செருகிக்கொண்டால் விட்டுவிட்டு வீரிட்டு அழும். வயிற்று ஸ்கேன் அதைக் காட்டிவிடும். பெருங்குடலில் பாலிப் இருந்தாலும் வலிக்காது, ஆனால் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ரத்தம் வரும். இந்தப் பையனுக்கு எதுவுமே பொருந்தவில்லை.

எண்டோஸ்கோப்பி செய்தால் பை தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். வாய்வழி போகும் வழக்கமான குழாய் சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும், கீழிருந்து போவது பெருங்குடலைத் தாண்டிச் சற்று தூரமே எட்டும். மெக்கல் பை இரண்டுக்கும் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண அல்ட்ராசவுண்டிலும் அது மற்றக் குடல் வளைவுகளோடு கலந்து தெரியாமல் போவதுண்டு.

இங்கேதான் 'மெக்கல் ஸ்கேன்' வருகிறது. மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் இது ஒன்று, ஏனென்றால் ரத்தத்துக்குக் காரணமான திசுவே இதில் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. டெக்னீசியம் 99எம் பெர்டெக்னடேட் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் நரம்பில் செலுத்துவார்கள். அதை இரைப்பைத் திசு இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், அந்தத் திசு வயிற்றில் எங்கே இருந்தாலும் சரி. சில மணி நேரம் வெறும் வயிறு. சேர்ந்த மருந்து சீக்கிரம் கரைந்து போகாமலிருக்க முன்கூட்டியே ஃபமோடிடின் போன்ற மாத்திரை. பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் குழந்தை காமிராவுக்கு அடியில் அசையாமல் படுக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார், சிலருக்கு லேசான மயக்க மருந்தும் தேவைப்படும்.

திரையில் மேலே இரைப்பை மெல்லக் கறுக்கிறது, கீழே சிறுநீர்ப்பை நிரம்புகிறது. கூடவே தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு சிறிய புள்ளி. அது இரைப்பையோடு சேர்ந்தே தோன்றி, அதே வேகத்தில் அடர்ந்தால்தான் சந்தேகம் உறுதிப்படும். சிறுநீர்க்குழாயில் தேங்கிய மருந்தும் புள்ளியாகத் தெரியலாம் என்பதால் பக்கவாட்டிலும் படம் எடுக்கிறார்கள். இந்த மருந்தின் கதிர்வீச்சு ஆறு மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும்.

நம் பையனுக்குப் புள்ளி தெரிந்தது. லேப்ராஸ்கோப்பி மூலம் தொப்புள் வழியாகக் குடலின் அந்தப் பகுதியை வெளியே எடுத்து, பையை வெட்டி நீக்கினார்கள். புண் பைக்குள் இல்லாமல் அதை ஒட்டிய குடலில் இருந்ததால், அந்தத் துண்டையும் சேர்த்து எடுத்துவிட்டு இரு முனைகளையும் தைத்தார்கள். பை போனால் அமிலமும் போயிற்று. அந்த இடத்திலிருந்து மறுபடி ரத்தம் வர வழியில்லை.

எல்லாக் குழந்தைக்கும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. இரைப்பைத் திசு மிகக் கொஞ்சமாக இருந்தாலோ, வேகமான ரத்தப்போக்கு மருந்தை அடித்துச் சென்றாலோ புள்ளி தெரியாது. குழந்தைகளில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் இந்த ஸ்கேன் மெக்கல் பையைத் தவறவிடுகிறது. ரத்தம் தானாக நின்றுவிடுவதும் வழக்கம், அதனால் 'சரியாகிவிட்டது' என்று வீடு திரும்பி, சில வாரங்களில் மறுபடி ஓடிவருபவர்கள் உண்டு.

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிறைய ரத்தம் கண்டால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த டயப்பரை ஒரு கவரில் போட்டோ, போட்டோ எடுத்தோ டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் அதேபோல ரத்தம் போனால், "ஸ்கேனைத் திரும்ப எடுக்கலாமா, இல்லை லேப்ராஸ்கோப்பியில் நேராகப் பார்த்துவிடலாமா?" என்று குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.