மருந்துக் கடை பில்லைப் படியெடுக்கும் முறை

பல மருந்துக் கடைகளின் பில்கள் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வருவதால், சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடுகிறது. எனவே எங்கள் பாட்டியின் பில்களை நோட்டில் படியெடுத்து வைப்பது என் வேலை.

தோழியரே, முதலில் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம், எண்ணிக்கை, தொகை என ஐந்து பத்திகளுக்குக் கோடிடுங்கள். பிறகு பில்லின் மேல் அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். ‘மெட்ஃபார்மின் 500’ என்பதில் 500 மில்லிகிராம் அளவாகும்; அது பெயருடனே நிற்கவேண்டும், எண்ணிக்கைக்குள் புகக்கூடாது. 06/27 என்றால் 2027 ஜூன் மாதக் கடைசி நாள் வரை என்று பொருள். பில்லில் ஏதேனும் ஓரிடம் காலியாக இருந்தால் சிறு கோடு போடுங்கள். இல்லையேல் அடுத்த பத்தியின் எண் அங்கே நகர்ந்துவிடும்.

ஒரு பில்லில் 42.00, 18.50, 60.00 என மூன்று தொகைகள், கூட்டினால் 120.50. பில்லின் மொத்தமும் அதுவே. ஆனால் இது தொகைப் பத்தியை மட்டுமே சரிபார்க்கும். முதலிரண்டு மருந்துகளின் பேட்ச் எண்கள் இடம் மாறியிருந்தாலும் கூட்டல் சரியாகவே வரும்! MT0518 என்பதில் பூஜ்யமா, ‘ஓ’ எழுத்தா என்பதையும் கூட்டல் சொல்லாது. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதை ஒப்பிடவேண்டும். தரமற்ற மருந்து என்று அரசு அறிவிக்கும்போது, பேட்ச் எண்ணைக் கொண்டே நம் வீட்டு மருந்து அதில் உண்டா என்று பார்க்க முடியும்.