உருளைக்கிழங்கு வேரா? வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம்

ஆறாம் வகுப்பில் தாவரத்தின் பாகங்கள் பாடம் முடிந்ததும் ஒரு செடியின் படத்தைக் கொடுத்து, வேர், தண்டு, இலை, பூ, கனி என்று பெயர் குறிக்கச் சொல்வது வழக்கம். அநேகமாக எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆசிரியரும் நிம்மதியாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஆனால் அதே பிள்ளைகளின் கையில் ஓர் உருளைக்கிழங்கைக் கொடுத்து, “இது செடியில் எந்தப் பாகம்?” என்று கேட்டுப் பார்த்தால், பலர் தயங்காமல் “வேர், சார்” என்பார்கள். படத்தில் அம்புக்குறி போடத் தெரிவதற்கும், வேர் என்றால் என்னவென்று தெரிவதற்கும் நடுவே உள்ள இடைவெளியைப் படக் கேள்வி ஒருபோதும் காட்டாது.

அந்த இடைவெளியைப் பிடிப்பதற்கென்றே உலகின் பல பள்ளிகளில் புழங்கும் எளிய உத்தி ‘எக்ஸிட் டிக்கெட்’. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு கால்தாள் கொடுக்கிறார்கள். அதில் ஒன்றிரண்டு கேள்வி. எழுதி வாசலில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வெளியே போகலாம். மதிப்பெண் கிடையாது. இது மாணவரை எடைபோடும் தேர்வு அல்ல. நாளைக்கு எதை, யாருக்கு, எப்படித் திரும்பச் சொல்வது என்று ஆசிரியர் தெரிந்துகொள்ளும் வழி.

சீட்டின் பலம் கேள்வி எப்படி அமைகிறது என்பதில்தான் இருக்கிறது. “பாடம் புரிந்ததா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “வேரின் பணிகள் யாவை?” என்றால் புத்தகத்தின் இரண்டு வரி அப்படியே திரும்பி வரும். நல்ல சீட்டில் ஒவ்வொரு தப்பான விடையும் ஒரு குறிப்பிட்ட தப்பான எண்ணத்துக்கு வைத்த பொறி. எந்த விடையில் வட்டமிட்டிருக்கிறது என்பதை வைத்தே பிள்ளை என்ன நினைக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மேஜைமேல் ஐந்து பொருள்களை வைத்துக் கேட்கும் சீட்டு ஒன்றைப் பார்ப்போம். உருளைக்கிழங்கு, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இஞ்சி, வெங்காயம். கேள்வி இவ்வளவுதான்: “இவற்றில் வேர் எவை? வட்டமிடுக. எதை வைத்து முடிவு செய்தாய் என்று ஒரு வரி எழுதுக.”

சரியான விடை கேரட்டும் சர்க்கரைவள்ளியும் மட்டும். உருளையும் இஞ்சியும் மண்ணுக்கடியில் பருத்த தண்டுகள். வெங்காயத்தில் நாம் உரித்துச் சாப்பிடுவது சதைப்பற்றான இலையடிகள். அதன் தண்டு, நாம் வெட்டி எறியும் அந்தத் தட்டையான அடிப்பகுதிதான். அதிலிருந்து தொங்கும் நார்க்கற்றை வேர்.

இனி திருத்தும் வேலை. 32 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சீட்டுகளைத் திருத்துவதில்லை, குவியலாகப் பிரிக்கிறார். ஐந்தையும் வட்டமிட்டவர்கள் 11 பேர். உருளை, கேரட், சர்க்கரைவள்ளி மூன்றையும் வட்டமிட்டு, இஞ்சியையும் வெங்காயத்தையும் விட்டவர்கள் 9 பேர். கேரட்டை மட்டும் வட்டமிட்டவர்கள் 5. சரியாகச் சொன்னவர்கள் 7.

மொத்தமாகப் பார்த்தால் 25 பேர் தப்பு என்று தோன்றும். குவியலாகப் பார்த்தால் அவை மூன்று வெவ்வேறு தப்புகள். முதல் குவியலில் உள்ளவர்களுக்கு மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர். இடத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். இரண்டாம் குவியல் சமையலறைப் பழக்கம்: மண்ணிலிருந்து தோண்டி எடுத்து வேகவைத்துத் தின்னும் கிழங்கு, காய் எல்லாம் ஒரு சாதி, வாசனைக்குப் போடும் இஞ்சியும் தாளிக்கும் வெங்காயமும் வேறு சாதி. மூன்றாம் குவியல்தான் சுவாரசியமானது. இந்த ஐந்து பேரும் பாடத்தைக் கவனித்திருக்கிறார்கள். புத்தகத்தில் பார்த்த ஆணிவேர் கீழே போகப் போகக் கூராக ஒடுங்கும். கேரட் அப்படியே இருக்கிறது. சர்க்கரைவள்ளி அப்படி இல்லாததால் ஒதுக்கிவிட்டார்கள். அவர்களிடம் போய் “மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் அல்ல” என்று பாடம் நடத்துவது வீண். வேருக்கு ஒரே வடிவம்தான் என்ற எண்ணத்தைத்தான் அங்கே தளர்த்த வேண்டும்.

சரியாகச் சொன்ன ஏழு பேரின் காரண வரியையும் படிக்காமல் விடக்கூடாது. “கேரட்டில் கணு இல்லை, மொட்டு இல்லை” என்று எழுதியவருக்கும் “டியூஷனில் சொன்னார்கள்” என்று எழுதியவருக்கும் உள்ள தூரம் பெரிது.

மறுநாள் செய்ய வேண்டியதை இந்தக் குவியல்களே சொல்லிவிடுகின்றன. ஆசிரியர் ஓர் உருளைக்கிழங்கை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டுகிறார். அதிலுள்ள ஒவ்வொரு ‘கண்’ணுக்கும் மேல் புருவம் போல ஒரு வளைகோடு தெரியும். அது செதில் இலை ஒன்று இருந்து உதிர்ந்த தழும்பு. அந்த இலைக்கோணத்தில் இருக்கும் மொட்டுதான் கண். கண்கள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. ஒரு நூலைக் கண்ணுக்குக் கண் சுற்றிக்கொண்டே போனால் அது சுருளாகச் செல்லும், ஒரு முனையில் கண்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும். கிளையின் நுனியில் கணுக்கள் நெருங்கி நிற்பதும் இதே மாதிரிதான். இஞ்சியில் இன்னும் தெளிவு: குறுக்கே வளையம் வளையமாக ஓடும் கோடுகள் அதன் கணுக்கள். கேரட்டை எப்படித் திருப்பினாலும் இந்த ஒழுங்கு கிடைக்காது.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசிரியர்களையே கவிழ்த்துவிடும். “முளை விட்டால் தண்டு, விடாவிட்டால் வேர்” என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சமையலறை மூலையில் மறந்து வைத்தால் அதுவும் முளைக்கும். ஆனால் அது வேர்தான். அதில் வரும் முளைகள் இலைத்தழும்பின் கோணத்தில் வரிசையாக எழுவதில்லை, வேரின் திசுவிலிருந்து புதிதாகக் கிளம்புகின்றன. ஆகவே கேட்க வேண்டியது முளைக்குமா என்பதல்ல. கணு இருக்கிறதா, அதில் இலையின் தடம் இருக்கிறதா என்பதே. சீட்டில் சேர்க்கும் பொருள்களிலும் இதே கவனம் வேண்டும். முள்ளங்கியும் பீட்ரூட்டும் புத்தகத்தில் வேர் என்றே வரும். ஆனால் அவற்றின் மேல்பகுதி, வேருக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட விதையிலைக்கீழ்த் தண்டு பருத்து உருவானது. முதல் சீட்டில் இவற்றை வைத்துக் குழப்பாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது சீட்டு இதைவிட ஆழமான பிழையைத் தொடுகிறது. அதில் இரண்டு வாக்கியங்கள்: “இலை உணவு தயாரிக்கிறது.” “வேர் மண்ணிலிருந்து செடிக்கு வேண்டிய உணவை உறிஞ்சுகிறது.” ஒவ்வொன்றுக்கும் சரியா, தவறா என்று குறிக்க வேண்டும். இரண்டுக்குமே ‘சரி’ போடும் பிள்ளைகளைத்தான் இந்தச் சீட்டு தேடுகிறது. ஒளிச்சேர்க்கை என்ற சொல் அவர்களுக்கு மனப்பாடம். அது பழைய நம்பிக்கையை அகற்றவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வேர் எடுத்து வருவது தண்ணீரும் அதில் கரைந்த தாது உப்புகளும். செடிக்கு ஆற்றலும் உடலும் தரும் சர்க்கரை பச்சை இலையில்தான் உருவாகிறது. வீட்டில் எல்லாரும் உரத்தைச் செடியின் சாப்பாடு என்று சொல்லும்போது பிள்ளை என்ன செய்யும்?

இது சின்னப் பிள்ளைகளோடு போகும் பிழையும் அல்ல. 1997இல் வெளிவந்த ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், ஹார்வர்டு, எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டி, இந்தக் கட்டையின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். காற்றிலிருந்து என்று சொல்லத் தடுமாறினார்கள். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். அது வந்தது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து.

இந்தக் குவியலுக்கு மறுநாள் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது. பிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டு கழித்து மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்தது சுமார் இரண்டு அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான நூலில் இது பதிவாகியிருக்கிறது. மண்ணைத் தின்று மரம் வளரவில்லை என்று காட்டியவர், அப்படியானால் எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் எங்கே தவறினார் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னால் அரைமணி நேரம் போவது தெரியாது.

சீட்டு வீணாகும் வழிகளும் உண்டு. மதிப்பெண் போடுவேன் என்றால் பக்கத்துப் பையனின் தாள்தான் திரும்ப வரும். கேள்வி மூன்றுக்கு மேல் போனால் ஐந்து நிமிடம் போதாது, காரண வரியும் சுருங்கிவிடும். எழுதத் திணறும் பிள்ளைக்கு விஷயம் தெரிந்தே இருக்கலாம். அவர்களைப் படம் வரையவோ, பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்லவோ விட வேண்டும். சரி, தவறு என்ற கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அதனால் காரண வரியை எந்த அவசரத்திலும் விட்டுவிடக்கூடாது. எல்லாவற்றையும்விட மோசமானது, சீட்டுகளை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு மறுநாள் அடுத்த பாடத்தைத் தொடங்குவது. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை யாரும் யோசித்து எழுத மாட்டார்கள்.

ஒரு நாள் விளக்கத்தில் பிழை போய்விட்டதா என்று உடனே தெரியாது. உருளைக்கிழங்கு தண்டு என்பதையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் பேசாத பொருள்களை வைத்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். சேப்பங்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் அதற்கு ஏற்றவை, இரண்டும் காய்கறிக் கடையில் கிடைக்கும். சேப்பங்கிழங்கின் மேல் வளையங்கள் ஓடும், அது தண்டு. மரவள்ளியில் கணு கிடையாது, அது வேர். மரவள்ளி பயிரிடுபவர்கள் கிழங்கை நடுவதில்லை, கணுக்கள் உள்ள தண்டைத் துண்டு போட்டுத்தான் நடுகிறார்கள். சேம்புக்கோ கிழங்கையே நடுகிறார்கள். இந்தச் சீட்டில் “வளையம் இருக்கிறது, அதனால் தண்டு” என்று எழுதும் பிள்ளைக்குப் பாடம் முடிந்தது. மற்றவர்களுக்கு அந்த இரண்டு கிழங்குகளையும் இன்னொரு முறை கையில் கொடுங்கள்.